ஒரு டேட்டா ப்ளானைச் சொல்ல எட்டு வரி போதும்

மொபைல் நிறுவனங்களின் விளம்பரங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், விவரம் தெரிந்தவர்கள் என்று நாம் மதிப்பவர்கள்கூட ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். டேட்டா ப்ளான் என்பது சிக்கலான சரக்கு. விலை, நாள், தினசரி அளவு, வேகம், 4ஜி, 5ஜி என்று அதற்குள் நூறு விஷயம் இருக்கிறது. அத்தனையையும் ஒரு பேனரிலோ கால் பக்க விளம்பரத்திலோ சொல்லிவிட முடியாது. அதனால் பெரிய எழுத்தில் ‘அன்லிமிடெட்’, கீழே பொடி எழுத்தில் நிபந்தனை என்பதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. மேலும் மக்கள் எதையும் படிப்பதில்லை. விலையைப் பார்க்கிறார்கள், போட்டுவிடுகிறார்கள். இதுதான் அந்தப் பதில்.

இந்தப் பதிலில் ஒரு பகுதிகூடச் சரியில்லை என்பது என் கட்சி. ப்ளான் சிக்கலானது அல்ல. விளம்பரத்தில் இடமும் போதாமல் இல்லை. மக்கள் படிக்காதவர்களும் அல்ல.

முதலில் இடப் பிரச்சினை. இன்று பரவலாக விற்கும் ஒரு ப்ரீபெய்டு ப்ளானை எடுத்துக்கொள்வோம். 299 ரூபாய், 28 நாள், தினம் 1.5 ஜிபி, தினசரி அளவு தீர்ந்தபின் 64 கேபிபிஎஸ் வேகம். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் விலை ஏற்றிய பிறகு இந்த உருவத்தில் ப்ளான்கள் சாதாரணமாகிவிட்டன. இதை ஒரு நிறுவனம் நேர்மையாக விளம்பரம் செய்ய விரும்பினால் எப்படி எழுதும்? நான் எழுதிப் பார்க்கிறேன்.

விலை 299 ரூபாய். வரி இதிலேயே அடக்கம்.

28 நாள் செல்லும். வருடம் முழுக்க ஓட்ட 13 முறை போட வேண்டும். மொத்தம் 3,887 ரூபாய் ஆகும்.

ஒரு நாளைக்கு 1.5 ஜிபி நெட். இரவு 12 மணிக்குப் புதுக் கணக்கு தொடங்கும். அன்று மிஞ்சியது மறுநாளுக்குச் சேராது.

1.5 ஜிபி தீர்ந்தால் நள்ளிரவு வரை நெட் மிக மெதுவாகிவிடும். எழுத்துச் செய்தி போகும், வீடியோ ஓடாது, ஒரு போட்டோ போகப் பல நிமிடம் ஆகலாம்.

அதற்குமேல் வேகமான நெட் வேண்டுமென்றால் தனியாக டேட்டா பேக் வாங்க வேண்டும். நீங்களாக வாங்காமல் பணம் பிடிக்க மாட்டோம்.

இந்தியாவுக்குள் எந்த எண்ணுக்கும் பேசலாம். நிமிடக் கணக்கு இல்லை. எஸ்எம்எஸ் நாளுக்கு 100. வெளிநாட்டு அழைப்பு இதில் சேராது.

இது 4ஜி ப்ளான். உங்களிடம் 5ஜி போன் இருந்தாலும் இதில் 5ஜி கிடைக்காது.

வேகம் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் தெருவில் இவ்வளவு வேகம் வரும் என்று நாங்கள் உறுதி தரவில்லை.

அவ்வளவுதான். எட்டு வரி. நாளிதழில் கால் பக்கத்துக்குள் நல்ல பெரிய எழுத்தில் அடங்கும். ஒரு நடிகரின் முகத்துக்கு ஒதுக்கும் இடத்தில் பாதி இருந்தால் போதும். இடமில்லை என்று சொல்பவர்கள் எதற்கு இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த எட்டு வரியில் ஏன் இவை இருக்கின்றன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரியும் இன்று வழக்கமாக மறைக்கப்படும் ஒன்றைத் திறந்து வைக்கிறது.

28 நாளை எடுங்கள். ‘மாதம் 299’ என்று நாம் வாயால் சொல்லிக்கொள்கிறோம். விளம்பரமும் நம்மை அப்படியே நினைக்க விடுகிறது. ஆனால் 28 நாள் ஒரு மாதம் அல்ல. 13 முறை போட்டால்தான் 364 நாள் ஓடும். அந்த 3,887 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 324 ரூபாய். விலையில் 25 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் ஏறியிருக்கிறது. இந்த மனக்குறை நாடு முழுக்க எழுந்ததால்தான் 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லும் ப்ளான் ஒன்றையும், மாதா மாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் ப்ளான் ஒன்றையுமாவது வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. விளம்பரத்தில் முன்னே நிற்பது இன்னமும் 28 நாள்தான்.

தினசரி அளவு இன்னும் கவனிக்க வேண்டியது. 1.5 ஜிபியை 28 ஆல் பெருக்கினால் 42 ஜிபி வருகிறது. ‘மொத்தம் 42 ஜிபி’ என்று பெரிய எழுத்தில் போடும் விளம்பரம் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 42 ஜிபி யாருக்கும் முழுதாகக் கிடைப்பதில்லை. ஒரு கல்லூரி மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் சனி வரை விடுதியில் வைஃபை இருப்பதால் மொபைலில் நாளுக்கு அரை ஜிபி மட்டும் செலவாகிறது. ஞாயிறு ஊருக்குப் போகும் பேருந்தில் படம் பார்க்க 4 ஜிபி வேண்டும். வாரத்துக்கு அவருக்குத் தேவை 7 ஜிபி. ப்ளான் தருவதாகச் சொல்வது 10.5 ஜிபி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை 1.5 ஜிபி முடிந்ததும் அவர் கையில் ஒன்றும் இல்லை. ஆறு நாளில் மிஞ்சிய 6 ஜிபி ஏற்கெனவே போய்விட்டது. அவருக்குத் தேவை நாள் வரம்பு இல்லாத மொத்த அளவுப் ப்ளான். இதை அவர் தெரிந்துகொள்ள ‘அன்று மிஞ்சியது மறுநாளுக்குச் சேராது’ என்ற ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைத்தான் பெரிய எழுத்தில் எங்கும் காண முடிவதில்லை.

இப்போது ‘அன்லிமிடெட்’. இந்தச் சொல்லுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் இது: தினசரி அளவு தீர்ந்தாலும் நெட் நிற்பதில்லை, வேகம்தான் குறைகிறது, ஆகவே வரம்பில்லை என்பது உண்மை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 64 கேபிபிஎஸ் என்பது நொடிக்கு 64 கிலோபிட். எட்டு பிட் ஒரு பைட். ஆகவே நொடிக்கு 8 கிலோபைட். ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஆகும். இன்றைய போன் கேமராவில் எடுத்த 5 எம்பி போட்டோவை அப்படியே அனுப்பப் பத்து நிமிடத்துக்கும் மேல். இந்த வேகத்தில் ஒரு நாள் முழுக்க, 24 மணி நேரமும் இடைவிடாமல் நெட்டை ஓடவிட்டாலும் 86,400 நொடிக்கு 0.7 ஜிபிகூடத் தேறாது. ஆக, வரம்பு இருக்கிறது. எண்ணாக எழுதாமல், வேகத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ‘அன்லிமிடெட் டேட்டா’ என்ற சொல்லைக் கணக்கே மறுக்கிறது. நான் எழுதிய விளம்பரத்தில் கேபிபிஎஸ் என்ற அலகையே தவிர்த்துவிட்டு, என்ன ஓடும், என்ன ஓடாது என்று எழுதியதற்குக் காரணமும் இதுதான். 64 என்ற எண்ணைச் சொல்லிவிடுவதால் மட்டும் உண்மை சொன்னதாகிவிடாது. கேட்பவருக்கு அது எதையும் உணர்த்தவில்லை என்றால் அதுவும் மறைப்புதான்.

‘அன்லிமிடெட் 5ஜி’யில் பொறி வேறு இடத்தில் இருக்கிறது. போன் 5ஜி போனாக இருக்க வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் 5ஜி சிக்னல் இருக்க வேண்டும். போட்ட ப்ளான் அதற்குத் தகுதியுள்ளதாக இருக்க வேண்டும். 2024 ஜூலைக்குப் பிறகு தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள ப்ளான்களுக்கே அந்தச் சலுகை என்று நிறுவனங்கள் சுருக்கிக்கொண்டன. இந்த மூன்றும் பொருந்தினாலும், சிக்னல் 4ஜிக்கு இறங்கிய நொடியிலிருந்து செலவாவது உங்கள் தினசரி அளவில் கழிகிறது. அடுக்குமாடிக் கட்டடத்தின் உள்ளறையில் உட்கார்ந்திருப்பவர் தான் 5ஜியில் இருக்கிறோமா 4ஜியில் இருக்கிறோமா என்று கவனிப்பதில்லை. மாலையில் நெட் தீர்ந்துவிட்டதாகச் செய்தி வந்ததும், ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்துகிறார். ‘சிக்னல் 4ஜிக்கு மாறினால் தினசரி அளவில் கழியும்’ என்று சொல்ல ஆறு சொல் போதும்.

போஸ்ட்பெய்டு பற்றி ஒன்றே ஒன்று. அங்கே விளம்பர விலை பெரும்பாலும் ஜிஎஸ்டி நீங்கலாகப் போடப்படுகிறது. 399 என்று பார்த்துச் சேர்ந்தவருக்கு 18 சதவீத வரி சேர்ந்து பில் 470 ரூபாய் 82 காசாக வருகிறது. வரியோடு சேர்த்த விலையைப் போட எந்தச் சிக்கலும் தடுக்கவில்லை.

அடுத்து, மக்கள் படிப்பதில்லை என்ற குற்றச்சாட்டு. இதைச் சொல்பவர்கள் தெரு முனையில் உள்ள ரீசார்ஜ் கடையில் பத்து நிமிடம் நின்று பார்க்கட்டும். “அக்கா, இருபத்தெட்டு நாள் வரும். தெனமும் ஒன்றரை ஜிபி. அதுக்கு மேல போச்சுன்னா ஸ்லோவாயிடும். பையன் ஆன்லைன் கிளாஸ் பாக்கறானா? அப்ப ரெண்டு ஜிபி போட்டுக்கோங்க.” கடைக்காரர் இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆவதில்லை. அந்த அம்மா கேட்கிறார், யோசிக்கிறார், இரண்டாவது கேள்வி கேட்கிறார், முடிவெடுக்கிறார். விலை, நாள், அளவு, தீர்ந்தால் என்ன ஆகும், யாருக்கு எது பொருந்தும் என்ற எல்லாமே அந்தப் பேச்சில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கடைத்தெருவிலும் தினமும் நடப்பது இது. கோடிக்கணக்கில் செலவு செய்து விளம்பரம் எடுக்கும் நிறுவனத்தால் சொல்ல முடியாததை ஒரு சின்னக் கடைக்காரர் எப்படிச் சொல்கிறார்? அவர் பொய் சொன்னால் அந்த அம்மா மறுநாள் காலை கடை முன்னால் வந்து நிற்பார். நிறுவனத்தின் முன்னால் போய் நிற்க அவருக்கு வழியில்லை. வித்தியாசம் அதில் இருக்கிறதே தவிர, மக்களின் படிப்பறிவில் இல்லை.

மக்கள் பொடி எழுத்தைப் படிப்பதில்லை என்பது உண்மை. தொலைக்காட்சியில் இரண்டு நொடி ஓடும் வரியை எவரும் படிக்க முடியாது. தமிழ் விளம்பரத்தின் அடியில் ஆங்கிலத்தில் போட்ட நிபந்தனையைத் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் படிக்க மாட்டார். படிக்க முடியாதபடி அச்சிட்டுவிட்டு, படிக்கவில்லை என்று வாசகர்மேல் பழி போடுவது அநியாயம்.

சட்டம் இதைத்தான் கேட்கிறது, வழக்கறிஞர்கள் வற்புறுத்துகிறார்கள் என்பது இன்னொரு சமாதானம். சட்டம் கேட்பது நேர் எதிரானது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களைப் பாருங்கள். விளம்பரத்தின் முக்கிய வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் நிபந்தனையும் இருக்க வேண்டும். வாக்குறுதிக்குப் பயன்படுத்திய எழுத்துருவையே நிபந்தனைக்கும் பயன்படுத்த வேண்டும். முக்கியமான தகவலை மறைக்க நிபந்தனையைப் பயன்படுத்தக் கூடாது. தவறான வாக்குறுதியை நிபந்தனையால் திருத்தப் பார்க்கவும் கூடாது. இந்தக் கடைசி விதிதான் என் வாதத்துக்கு ஆதாரம். ‘அன்லிமிடெட்’ என்று மேலே சொல்லிவிட்டு ‘தினம் 1.5 ஜிபிக்குப் பின் 64 கேபிபிஎஸ்’ என்று கீழே சொல்வது விளக்கம் அல்ல. மேலே சொன்னதைக் கீழே திரும்பப் பெறுவது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. இந்தச் சட்டத்தின் கீழ் பார்த்தால் பொடி எழுத்து பாதுகாப்பு தராது. ஆபத்தைத்தான் தரும்.

இன்னும் மெல்லிய ஒரு வாதம் இருக்கிறது; நாசூக்காக இருப்பதால் பலரும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். ‘அன்லிமிடெட்’ என்றால் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், இந்தத் துறையின் வழக்கம் தெரிந்தவர் யாரும் ஏமாற மாட்டார் என்பது அது. ஆஸ்திரேலியாவில் இதே வாதம் உச்ச நிலை நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. டிபிஜி என்ற நிறுவனம் 2010, 2011 ஆண்டுகளில் ‘மாதம் 29.99 டாலருக்கு அன்லிமிடெட்’ பிராட்பேண்ட் என்று பெரிதாக விளம்பரம் செய்தது. அதைப் பெற மாதம் இன்னும் 30 டாலர் கட்டி அதே நிறுவனத்தின் வீட்டுத் தொலைபேசியையும் வாங்க வேண்டும் என்பது சிறிய எழுத்தில் இருந்தது. இப்படிச் சேர்த்து விற்பது வழக்கம்தான், மக்களுக்குத் தெரியும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்று 20 லட்சம் டாலர் அபராதத்தை 50 ஆயிரமாகக் குறைத்தது. 2013 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் உச்ச நிலை நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டி, 20 லட்சத்தை மீண்டும் விதித்தது. விளம்பரம் மனத்தில் பதிக்கும் முதன்மைச் செய்தி எது என்பதே கேள்வி; வாசகர் சிறிய எழுத்தைத் தேடிப் போவார் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

மொபைல் டேட்டாவிலேயே ஒரு வழக்கு உண்டு. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி ‘அன்லிமிடெட்’ ப்ளான் விற்றுவிட்டு, மாதத்தில் 2 ஜிபி அளவுக்கே வேகத்தைக் குறைத்தது என்று அந்நாட்டு வணிக ஆணையம் 2014இல் வழக்குத் தொடுத்தது. அப்போது பாதிக்கப்பட்டவர்கள் 35 லட்சத்துக்கும் மேல். 2019இல் 6 கோடி டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அந்தச் சமரசத்தில் ஒரு நிபந்தனை, வேகக் கட்டுப்பாடு இருந்தால் அதை எடுப்பாகச் சொல்ல வேண்டும் என்பது. பொடி எழுத்திலோ, சொடுக்கிப் போய்ப் பார்க்கும் இணைப்புக்குப் பின்னாலோ புதைக்கக் கூடாது.

எனக்கு எதிரான வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனம் மட்டும் ‘28 நாள், வருடத்துக்கு 3,887 ரூபாய், தீர்ந்தால் வீடியோ ஓடாது’ என்று எழுதினால், பக்கத்திலேயே ‘அன்லிமிடெட் வெறும் 299’ என்று எழுதும் போட்டியாளர் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போய்விடுவார். உண்மை சொன்னவருக்கு நஷ்டம். இது நடக்கக்கூடியதுதான். ஆனால் இதிலிருந்து வரும் முடிவு, யாரும் உண்மை சொல்ல வேண்டாம் என்பதல்ல. எல்லோரும் ஒரே வடிவத்தில் சொல்ல வேண்டும் என்பது. அமெரிக்காவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்கள், மொபைல் உட்பட, விலையையும் டேட்டா அளவையும் வேகத்தையும் உணவுப் பொட்டலத்தில் உள்ள சத்துப் பட்டியல் போன்ற ஒரே மாதிரி அட்டையில் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்பந்தச் சுருக்கத்துக்குத் தனி வடிவம் வகுத்து, அதை ஒரு பக்கத்தில் அடக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் நல்ல ஏற்பாடு. இரண்டிலும் ஒரு குறை இருக்கிறது: இவை வாங்கும் இடத்தில் கிடைப்பவை. அதற்கு முன்பே ஆளை இழுத்துவந்த பெரிய எழுத்தை இவை தொடுவதில்லை. கடைவாசல் வரை வந்துவிட்டவர் அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவது அரிது. ஆகவே அந்த எட்டு வரியும் விளம்பரத்துக்குள்ளேயே வர வேண்டும். குறைந்தது விலை, நாள், தீர்ந்தால் என்ன ஆகும் என்ற மூன்றும் ஒரே அளவு எழுத்தில் நிற்க வேண்டும். நம் நாட்டில் இதைக் கட்டாயமாக்கும் அதிகாரம் டிராயிடம் இருக்கிறது. ப்ளான் விவரங்களை இணையதளத்தில் எப்படி வெளியிட வேண்டும் என்று அது நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. விளம்பரத்துக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

ஒரு விளம்பரம் நேர்மையானதா என்று சோதிப்பது கடினமல்ல. நெட் பயன்படுத்தும், ஆனால் இந்தத் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் விளம்பரத்தைக் காட்டுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இன்று போட்டால் எந்தத் தேதியில் முடியும்? இரவு எட்டு மணிக்கு நெட் தீர்ந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு வருடத்துக்கு எவ்வளவு செலவு? பெரிய எழுத்தை மட்டும் பார்த்து மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் அது விளம்பரம். வராவிட்டால் அதை எழுதியவர்கள் அந்தப் பதில்கள் வெளியே தெரிய வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

அடுத்த முறை தமிழில் பெரிதாக வாக்குறுதி தந்து, நிபந்தனையை ஆங்கிலப் பொடி எழுத்தில் போட்ட மொபைல் விளம்பரத்தைப் பார்த்தால், அதைப் படம் எடுத்து வையுங்கள். அது 2022 வழிகாட்டுதலை மீறிய விளம்பரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே புகார் சொல்லலாம்.